வீட்டிலேயே பார்த்திருக்கலாமாம்!

நோயாளி பிழைத்து வீடு வந்து சேர்ந்துவிடுகிறார். ஆஸ்பத்திரிப் பணத்தைக் கையிலிருந்து கட்டியாகிவிட்டது. ரசீதுகளையெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் குடும்பத்தார் காத்திருக்கிறார்கள். சில வாரங்களில் கடிதம் வருகிறது. “இந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்க்க வேண்டிய அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை. வெளிநோயாளியாகவே சிகிச்சை பெற்றிருக்கலாம். ஆகவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.”

இத்தகைய கடிதத்தைப் படித்ததும் ‘அவ்வளவுதான்’ என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறவர்கள் பலர். வேறு சிலர் கோபத்தோடு நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு, அதற்கும் பதில் ‘இல்லை’ என்று வந்தவுடன் ஓய்ந்துவிடுகிறார்கள். 2023-24-ஆம் ஆண்டில் மருத்துவ இன்ஷூரன்ஸில் மக்கள் கேட்ட தொகையில் சுமார் 71 சதவீதமே கம்பெனிகளால் கொடுக்கப்பட்டது என்று ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. கொடுக்கப்படாததெல்லாம் அநியாயமாக மறுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ‘சேர்க்க வேண்டிய அவசியமில்லை’ என்ற காரணம், ஒழுங்காக எழுதிய ஒரு மேல்முறையீட்டுக் கடிதத்தால் மாறக்கூடிய காரணம். ஏனென்றால் இதில் சட்டச் சிக்கல் குறைவு. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட வேளையில், நோயாளியின் உடல்நிலை எப்படி இருந்தது என்பதே கேள்வி. அதற்குப் பதில் ஆஸ்பத்திரி ஏடுகளில் இருக்கிறது.

முதலில் காரணம் தெரியவேண்டும்

நிராகரிப்பு என்று வந்தால், எந்த நிபந்தனையின் கீழ் என்பதை முதலில் பார்க்கவேண்டும். படுக்கையில் சேர்த்ததைக் குறை கூறும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றைச் சொல்லும். ஒன்று, பாலிஸிகளில் ‘எக்ஸ்க்ளூஷன் 04’ என்ற எண்ணுடன் காணப்படும் விலக்கு. பரிசோதனைகள் செய்துகொள்வதையே முக்கிய நோக்கமாகக் கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் கிடையாது என்பது அதன் சாரம். மற்றொன்று, ‘மருத்துவ ரீதியில் அவசியமான சிகிச்சை’ என்ற இலக்கணத்துக்குள் இந்தச் சேர்க்கை வரவில்லை என்பது.

இரண்டுக்கும் பதில் வேறு. முதலாவதற்கு, உண்மையில் சிகிச்சை நடந்தது, பரிசோதனைகள் அந்தச் சிகிச்சைக்குத் துணையாகச் செய்யப்பட்டவை என்று காட்டவேண்டும். இரண்டாவதற்கு, அந்தச் சிகிச்சையை வீட்டில் வைத்துப் பத்திரமாகச் செய்திருக்க முடியாது என்று காட்டவேண்டும்.

கடிதத்தில் காரணம் மொட்டையாக இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பாலிஸியின் எந்த நிபந்தனையைக் கொண்டு மறுக்கிறோம் என்பதைக் கம்பெனி முழு விவரத்துடன் தெரிவிக்கவேண்டும். கம்பெனிக்குள்ளேயே உள்ள பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கவும் கூடாது. ஆகவே, “எந்த நிபந்தனை? பரிசீலனைக் குழு ஒப்புதல் அளித்ததா?” என்று கேட்டு எழுதுவது பாலிஸிதாரரின் உரிமை.

ஒரு மாதிரிக் கேஸ்

விஷயம் விளங்குவதற்கு ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் 58 வயதுக்காரர் ஒருவர். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி உண்டு. அதைப் பாலிஸி எடுக்கும்போதே தெரிவித்திருக்கிறார். திங்கட்கிழமை ஜுரம் ஆரம்பித்தது. புதன்கிழமை ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. தட்டணுக்கள் 1,42,000 இருந்தன. டாக்டர் மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஜுரம் விட்டுவிட்டது. ஆனால் விடிந்ததிலிருந்து ஐந்து தடவை வாந்தி. வயிற்று வலி வேறு. வாய் வழியாக எதுவும் நிற்கவில்லை. மறுபடி ரத்தம் பார்த்ததில் தட்டணுக்கள் 78,000-க்கு இறங்கியிருந்தன. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ‘ஹெமடோகிரிட்’ என்ற அளவு 41-லிருந்து 47-க்கு ஏறியிருந்தது. பகல் 11 மணிக்கு டாக்டர் அவரைப் படுக்கையில் சேர்த்தார். இரண்டு நாள் நரம்பு வழியாகச் சலைன் ஏற்றப்பட்டது. மணிக்கு ஒரு தடவை நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கப்பட்டன. தட்டணுக்கள் சனிக்கிழமை 64,000 வரை இறங்கி, பிறகு ஏறத் தொடங்கின. ஞாயிறு மத்தியானம் சலைன் நிறுத்தப்பட்டது. திங்கள் காலை அவர் வீடு திரும்பினார். செலவு 48,600 ரூபாய்.

கம்பெனி எழுதியது இது: “சேர்க்கும்போது ஜுரம் இல்லை. ரத்த அழுத்தமும் நாடியும் சரியாக இருந்தன. தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே போகவில்லை. ரத்தமோ தட்டணுவோ ஏற்றப்படவில்லை. எனவே மருத்துவ அவசியம் நிரூபிக்கப்படவில்லை.”

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அதனாலேயே குடும்பத்தார் வாயடைத்துப் போகிறார்கள். ஆனால் டெங்கு ஜுரத்தின் போக்கை அறிந்தவர்களுக்கு இந்த வாக்கியங்கள் வேறு மாதிரி அர்த்தமாகும். இந்த நோயில் ஆபத்து ஆரம்பிப்பதே பெரும்பாலும் ஜுரம் விடும் சமயத்தில்தான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வருகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறும். ரத்தம் கெட்டியாவதால் ஹெமடோகிரிட் ஏறும். இந்த நெருக்கடி 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். ரத்த அழுத்தம் கடைசிவரை சரியாக இருப்பதுபோல் காட்டிவிட்டுத் திடீரென்று விழும். ஆகவே ‘ஜுரம் இல்லை, அழுத்தம் சரி’ என்பது ஐந்தாம் நாள் டெங்கு நோயாளிக்கு அபயச் சீட்டு ஆகாது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் வெளியிட்ட டெங்கு வழிகாட்டியில் எச்சரிக்கை அறிகுறிகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. வயிற்று வலி, ஓயாத வாந்தி, தட்டணுக்கள் வேகமாக இறங்கும்போதே ஹெமடோகிரிட் ஏறுவது ஆகியவை அதில் உள்ளன. இவை இருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று அது சொல்கிறது. சர்க்கரை வியாதி, முதுமை போன்றவை இருப்பவர்களுக்கு அந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும்கூட ஆஸ்பத்திரிக் கண்காணிப்பு தேவைப்படலாம் என்கிறது. தட்டணு எண்ணிக்கை 50,000-க்குக் கீழே போனால்தான் சேர்க்கவேண்டும் என்ற விதி அதில் இல்லை.

எடுபடாத கடிதம்

இனி, குடும்பத்தார் சாதாரணமாக எழுதும் கடிதத்தைப் பார்ப்போம். “மூன்று வருஷமாகத் தவறாமல் பிரீமியம் கட்டி வருகிறோம். டாக்டர் சொன்னதால்தான் சேர்த்தோம். நாங்கள் என்ன டாக்டரா? கடன் வாங்கிப் பணம் கட்டியிருக்கிறோம். கருணை காட்டவேண்டும்.” இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனி சொன்ன நான்கு காரணங்களில் ஒன்றுக்கும் பதில் இல்லை. படிக்கிற அதிகாரிக்கு முடிவை மாற்ற ஆசை இருந்தாலும், கோப்பில் எழுதிவைக்க ஒரு புதிய விஷயம் கிடைக்கவில்லை.

‘டாக்டர் சொன்னார்’ என்பது மட்டும் ஏன் போதாது? பாலிஸிகளில் ‘மருத்துவ அவசியம்’ என்பதற்கு ஒரே மாதிரியான இலக்கணம் ஆணையத்தால் வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு நான்கு அங்கங்கள். சிகிச்சை, அல்லது ஆஸ்பத்திரியில் தங்கியது, அந்த நோயைக் கவனிக்கத் தேவையாக இருக்கவேண்டும். பத்திரமான, போதுமான சிகிச்சைக்கு வேண்டியதற்கு மேல் அளவிலோ, நாட்களிலோ, தீவிரத்திலோ போயிருக்கக் கூடாது. தகுதி பெற்ற மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இருக்கவேண்டும். இந்திய மருத்துவ உலகமோ சர்வதேச மருத்துவ உலகமோ ஏற்ற முறைக்கு ஒத்திருக்கவேண்டும். ‘டாக்டர் சொன்னார்’ என்பது மூன்றாவது அங்கத்துக்கு மட்டுமே விடை. மற்ற மூன்றும் காலியாக நிற்கின்றன. மேல்முறையீட்டுக் கடிதம் என்பது இந்த நான்கையும் நிரப்புகிற வேலைதான்.

கேஸ் ஷீட்டில் இருக்கிறது உயிர்

கம்பெனியின் டாக்டர் நோயாளியைப் பார்த்ததில்லை. அவர் பார்த்தது பெரும்பாலும் ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ என்ற ஒன்றிரண்டு பக்கத் தாளைத்தான். அதை எழுதுவது வேலைச் சுமையில் இருக்கும் டியூட்டி டாக்டர். “ஜுரம், வாந்தியுடன் வந்தார். சலைன் ஏற்றப்பட்டது. நிலைமை சீராக இருந்தது. நல்ல நிலையில் அனுப்பப்பட்டார்” என்று வழக்கமான வாய்பாட்டில் முடித்துவிடுவார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆஸ்பத்திரியில் நிம்மதி. தலைக்கு ஒன்றுமே வரவில்லையே என்று கம்பெனியில் வாதம்.

ஆகவே முதல் வேலை, ஆஸ்பத்திரியிடமிருந்து முழு உள்நோயாளிக் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குவது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஏடுகளைக் கொடுக்கவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன. எழுத்து மூலம் கேட்டு, கேட்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்வது நல்லது.

அந்தக் கட்டில் முக்கியமாகத் தேடவேண்டியவை சில. சேர்த்தபோது டாக்டர் எழுதிய முதல் குறிப்பு. நர்ஸ் மணிவாரியாகக் குறித்த அட்டவணை. ஏற்றிய திரவம் எவ்வளவு, வெளியேறிய சிறுநீர் எவ்வளவு என்ற கணக்கு. ரத்தம் எடுத்த நேரத்துடன் கூடிய பரிசோதனைத் தாள்கள். மளிகைக் கடைக்காரர் விஷயத்தில், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஹெமடோகிரிட் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைத் தாளில் 41-ம் 47-ம் தேதியோடு இருக்கின்றன. அந்த இரண்டு எண்களே கேஸின் உயிர்நாடி.

இங்கே ஓர் எச்சரிக்கை. சம்மரியில் ‘ஐந்து தடவை வாந்தி’ என்றும் சேர்க்கைக் குறிப்பில் ‘இரண்டு தடவை’ என்றும் இருந்தால் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படி முரண் இருந்தால் டாக்டரிடம் தனியாக, அன்றைய தேதியிட்ட விளக்கக் கடிதம் வாங்கவேண்டும். பழைய ஏட்டில் கை வைக்கவே கூடாது. கம்பெனி தன் ஆளை அனுப்பி மூல ஏட்டைப் பார்ப்பது உண்டு. திருத்திய எழுத்து ஒன்று அகப்பட்டாலும் உண்மையான கேஸும் பொய்யாகிவிடும்.

கூடவே, சிகிச்சை செய்த டாக்டரிடமிருந்து அரைப் பக்கச் சான்றிதழ் ஒன்று வேண்டும். ‘இவர் என்னிடம் இன்ன தேதி முதல் சிகிச்சை பெற்றார்’ என்ற வழக்கமான சான்றிதழால் பயனில்லை. “சேர்த்த நேரத்தில் நான் கண்டது இது, நான் பயந்தது இது, வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது இது” என்று மூன்று விஷயங்கள் அதில் இருக்கவேண்டும்.

கடிதம் எப்படி அமையும்?

கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டியதில்லை. பாலிஸி எண், கோரிக்கை எண், நிராகரிப்புக் கடிதத்தின் தேதி ஆகியவை தலைப்பில் வரவேண்டும். பிறகு கம்பெனியின் காரணங்களை அவர்கள் வார்த்தையிலேயே எடுத்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் சொல்லவேண்டும். மாதிரிக் கேஸில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ஜுரம் இல்லை என்பது சரி. நோயின் ஐந்தாம் நாளன்று ஜுரம் விட்டது. டெங்குவில் நெருக்கடிக் கட்டம் தொடங்கும் சமயம் அதுவே. அந்த வேளையில் ஓயாத வாந்தி, வயிற்று வலி, தட்டணு 1,42,000-லிருந்து 78,000-க்கு இறங்கியது, ஹெமடோகிரிட் 41-லிருந்து 47-க்கு ஏறியது ஆகிய எச்சரிக்கை அறிகுறிகள் இருந்தன. (இணைப்பு 1, 2.)

“வாய் வழியாகத் திரவம் நிற்காததால் நரம்பு வழியாகவே கொடுக்க நேர்ந்தது. அளவு கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து என்பதால் மணிவாரியாக நாடியும் அழுத்தமும், நாளுக்குப் பல முறை ஹெமடோகிரிட்டும் பார்த்து வேகம் மாற்றப்பட்டது. இதை வீட்டில் செய்ய இயலாது. (இணைப்பு 3: நர்ஸ் அட்டவணை.)

“தட்டணு 50,000-க்குக் கீழே போகவில்லை என்பது காரணமாகாது. அத்தகைய வரம்பு பாலிஸியில் எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கக் கோருகிறேன். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டி சேர்க்கைக்கு எச்சரிக்கை அறிகுறிகளையும் உடனிருக்கும் நோய்களையும் ஆதாரமாகக் கொள்கிறது. நோயாளிக்கு 58 வயது. சர்க்கரை வியாதி உண்டு. (இணைப்பு 4: டாக்டரின் சான்றிதழ்.)”

நாட்களைப் பற்றியும் ஒரு பாரா எழுதிவிடுவது புத்திசாலித்தனம். ‘சேர்த்தது சரி, ஆனால் ஒரு நாள் முன்பே அனுப்பியிருக்கலாம்’ என்று பாதி மறுப்பு வருவது உண்டு. ஜுரம் விட்டு 48 மணி நேரம் ஆகியிருக்கவேண்டும்; தட்டணு ஏறுமுகமாக இருக்கவேண்டும்; சலைன் இல்லாமலே ஹெமடோகிரிட் நிலையாக நிற்கவேண்டும். வீட்டுக்கு அனுப்புவதற்கு அந்த வழிகாட்டி சொல்லும் அடையாளங்களில் இவை முக்கியமானவை. சலைன் நின்றது ஞாயிறு மத்தியானம். அதன்பின் நிலைமை நிலைத்ததா என்று பார்த்துவிட்டுத் திங்கள் காலை அனுப்பினார்கள். ஒரு நாளும் கூடுதல் இல்லை என்பது தானே விளங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்கியம் கடிதத்தில் இருக்கவேண்டும். “சேர்க்கை அவசியமா என்பதை, சேர்த்த நேரத்தில் டாக்டருக்குத் தெரிந்திருந்ததை வைத்தே தீர்மானிக்க வேண்டும்; நோயாளி பிற்பாடு நலமடைந்ததை வைத்து அல்ல.” சிகிச்சை பலித்ததையே சிகிச்சை தேவையில்லாததற்குச் சாட்சியாக்குவது இந்த நிராகரிப்புகளில் அடிக்கடி காணும் குறை. அதைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்ட வேண்டும்.

யாருக்கு, எவ்வளவு நாளில்?

கடிதம் போகவேண்டியது கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. என்ற இடைநிலை அலுவலகத்துக்கு அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, அத்தாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனி மறுபடியும் மறுத்தால், அல்லது ஒரு மாதம் வரை பதிலே போடாவிட்டால், இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் இடமில்லை. 50 லட்சம் ரூபாய் வரையுள்ள தகராறுகளை அவர் விசாரிக்கலாம். கம்பெனியின் இறுதி மறுப்பு கிடைத்த ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும். அதே விவகாரம் நுகர்வோர் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தால் அவர் ஏற்கமாட்டார். அவருடைய தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் நிறைவேற்றவும் வேண்டும். கம்பெனிக்கு எழுதிய கடிதமும் இணைப்புகளுமே அங்கே வாதத்துக்கு அடிப்படை. முதல் கடிதம் கருணை மனுவாக இருந்தால் அங்கே புதிதாக வீடு கட்டவேண்டியிருக்கும்.

எங்கே எடுபடாது?

எல்லா நிராகரிப்பும் தவறு என்று எண்ணிவிடக் கூடாது. தலைசுற்றல் என்று இரண்டு நாள் படுக்கையில் சேர்ந்து, ஸ்கேன்களும் ரத்தப் பரிசோதனைகளும் எடுத்துக்கொண்டு, சிகிச்சையாக இரண்டு மாத்திரைகள் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு, எவ்வளவு அழகாக எழுதினாலும் ‘எக்ஸ்க்ளூஷன் 04’-ஐத் தாண்டுவது கடினம். ‘படுக்கையில் சேர்ந்தால்தான் இன்ஷூரன்ஸ் வரும்’ என்று யாராவது சொல்லிச் சேர்த்திருந்தால், நர்ஸ் அட்டவணை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நாளுக்கு இரண்டு தடவை மட்டுமே நாடி பார்த்திருப்பார்கள்; டாக்டரின் குறிப்பில் ‘மாற்றம் இல்லை’ என்ற வார்த்தைகளே திரும்பத் திரும்ப வரும். மேல்முறையீடு செய்வதற்கு முன் கேஸ் ஷீட்டைக் குடும்பத்தாரே ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்தால், தம் பக்கம் பலமா பலவீனமா என்பது ஓரளவு புரிந்துவிடும்.

பலமான கேஸும் கடிதம் எழுதப்படாமலே பீரோவில் கிடப்பதுதான் கவலைக்குரியது. 48,600 ரூபாய் நஷ்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த தடவை அதே வீட்டில் ஒருவருக்கு ஐந்தாம் நாள் ஜுரம் விட்டு வாந்தி எடுத்தால், ‘போன தடவை பணம் வரவில்லையே, நாளைவரை பார்ப்போம்’ என்று நினைக்கத் தோன்றும். டெங்குவில் அந்த ஒரு நாளை நம்பி இருக்க முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போது மருந்துச் சீட்டோடு கேஸ் ஷீட் நகலுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், பிற்பாடு கடிதம் எழுத நேர்ந்தாலும் பாதி வேலை முடிந்திருக்கும்.